முப்பத்திரண்டாவது வினாடி

என் கணவரின் பாட்டை நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு பேர் முழுதாகக் கேட்டிருக்கிறார்கள் என்று ஆப் சொன்ன நாளில் அவர் கால் தரையில் படவில்லை. துணி உலர்த்தும்போது விசில், பாத்திரம் கழுவும்போது விசில். எனக்கு அந்த விசில்மேல் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. பத்தொன்பது வருஷமாக அவர் பாடுவதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருப்பவள் நான். எனக்காக அவர் ஒரு நாளும் விசில் அடித்ததில்லை.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். பகலில் நாற்பது பிள்ளைகள் ஆளுக்கொரு சுருதியில் கத்துவதைப் பொறுத்துக்கொள்வார். சாயங்காலம் பின்னறையில் உட்கார்ந்து சொந்தமாக ஏதாவது கட்டுவார். எதையும் யாருக்கும் அனுப்பியதில்லை. என் தம்பி ஒருமுறை கெஞ்சிக் கேட்டபோதுகூட மழுப்பிவிட்டார். காரணம் கேட்டால் ஒரே பதில்தான்.

"தெரிஞ்சவங்க கேட்டா அது பாசத்துல கேக்கறது. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர், நான் யாருன்னே தெரியாம, முழுசா கேக்கணும். ஒருத்தர் போதும்."

அந்த 'தெரிஞ்சவங்க' பட்டியலில் முதல் ஆள் நான்தான் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தேன். நாற்பத்தைந்தாவது வயதில் ஒருவழியாக மனசு வந்து, ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்தார். ஏற்றியது நான் வேலை செய்யும் ஆப்பில்.

இங்கே என் வேலையைச் சொல்லியாக வேண்டும். ஒரு பாட்டைப் பத்துப் பேர் கேட்டிருந்தால், அந்தப் பத்துப் பேரும் வேறு என்னென்ன கேட்கிறார்கள் என்று பார்த்து, அதே ரசனையுள்ள பதினோராவது ஆளைப் பிடித்துவிடலாம். ஊரெல்லாம் பாட்டு ஆப்கள் பிழைப்பது இப்படித்தான். ஆனால் ஒருவருமே கேட்காத புதுப்பாட்டை யாரிடம் கொண்டுபோய் வைப்பது? இன்றைக்குத்தான் சேர்ந்த, ஒரு பாட்டுக்கூடக் கேட்டிராத ஆளுக்கு எதைக் கொடுப்பது? முன்கதை இல்லாத இந்தத் திண்டாட்டத்துக்கு ஆபீஸில் 'கோல்டு ஸ்டார்ட்' என்று பெயர். அதோடு மல்லுக்கட்டுவதற்கென்றே நாலு பேர் டீம் ஒன்று உண்டு. அதில் நான் ஒருத்தி.

நாங்கள் செய்வது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. புதுப்பாட்டு வந்ததும் மெஷின் அதைக் கொஞ்சம் கேட்டு, ஒலியில் அதற்கு நெருக்கமான பழைய பாட்டுகளைத் தேடும். அந்தப் பழைய பாட்டுகளின் ரசிகர்களைக் கடன் வாங்கி, அவர்கள் பட்டியலில் புதுப்பாட்டை இருநூறு முறை நுழைத்துப் பார்ப்போம். இரண்டு வாரம் கெடு. முழுதாகக் கேட்டவர்கள் ஓரளவு சேர்ந்தால் இன்னும் நிறையப் பேரிடம் போகும். சேரவில்லையென்றால் அடிக்குப் போய்விடும். பேர் சொல்லித் தேடினால் கிடைக்கும். தானாக யார் முன்னும் வராது.

ஏற்றுவதற்கு முன் அவர் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினார். பாட்டின்மேல் என் கை படக்கூடாது; ஒரு சிபாரிசும் கூடாது. சரி என்றேன். பதிலுக்கு ஒரே ஒரு யோசனை சொன்னேன். பாட்டு தொடங்குவதற்கு முன் நாற்பத்தைந்து வினாடிக்கு வெறும் மழைச்சத்தம் வைத்திருந்தார். நாங்கள் முதன்முதலில் குடித்தனம் வைத்த வாடகை வீட்டில், பின்பக்கத் தகரக் கூரையில் விழுந்த மழை. பழைய டேப் ரெக்கார்டரில் எப்போதோ பிடித்து வைத்திருந்ததாம். அதை வெட்டச் சொன்னேன். பதினைந்து வினாடிக்குள் ஆளை உட்கார வைக்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள், இது என் தொழில், எனக்குத் தெரியும் என்று விளக்கினேன்.

"அது இருக்கட்டும்" என்றார்.

"யாரு கேப்பா அத்தனை நேரம் மழைய?"

"கேக்கறவங்க கேப்பாங்க."

இந்த மனிதர் சோற்றில் உப்பில்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். அந்த மழைக்கு மட்டும் அப்படி அடம்பிடித்தார். நானும் விட்டுவிட்டேன். பாட்டு ஏறிய அன்று ஆபீஸில் ஹெட்போன் மாட்டி, மழையைத் தள்ளிவிட்டு நேராகப் பாட்டுக்குப் போனேன். யாரும் இறங்காத நிறுத்தத்திலும் பேருந்து நின்றுவிட்டுத்தான் போகிறது என்று தொடங்கும் பாட்டு. பின்னறையிலிருந்து இருநூறு தடவை கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பிறகு எண்கள் ஏறின. இரண்டு வாரத்தில் நூற்று எழுபது பேர், முதல் மாதத்தில் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாம் மாதத்தில் நாலாயிரம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கடைசி வரை கேட்கிறார்கள். பேர்போன பாடகர்களுக்கே அந்தக் கணக்கு வராது. சத்தியத்தைக் காப்பாற்றியபடி நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிடும்போது திடீரென்று நிமிர்ந்து, அவங்கல்லாம் யாரா இருக்கும் என்று கேட்பார். தெரியாது, எங்களுக்கு ஆள் வெறும் எண்தான் என்பேன். யாராக இருக்கும் என்று இருவரும் ஊகித்துக்கொண்டிருப்போம். அவர் ஒரு லாரி டிரைவரைக் கற்பனை செய்து வைத்திருந்தார். நான் ஒரு நர்ஸை.

மூன்றாம் மாதம் ஒரு புகார் மெயில் வந்தது. யாரோ ஒரு அம்மா. எனக்குத் தூக்கம் வராத வியாதி, மழைச்சத்தம் போட்டுத்தான் தூங்குகிறேன், நேற்று மழைக்கு நடுவில் ஒருவன் டமாரம் அடித்து என்னை எழுப்பிவிட்டான், உங்களுக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அந்த டமாரப் பாட்டு புதிது. எங்கள் டீம்தான் அனுப்பி வைத்திருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் தோண்ட ஆரம்பித்தேன்.

தோண்டத் தோண்டச் சிரிப்பு நின்றுவிட்டது. செலவைக் குறைக்க, ஆறு மாதத்துக்கு முன் நாங்கள் ஒரு வேலை செய்திருந்தோம்: மெஷின் பாட்டை முழுதும் கேட்க வேண்டாம், முதல் முப்பது வினாடி போதும் என்று வெட்டிவிட்டோம். முக்கால்வாசிப் பாட்டுக்கு அது போதும். ஆனால் மழை, அலை, காற்று என்று தொடங்கும் பாட்டுகள் எல்லாம் தூங்கவைக்கும் சத்தங்களின் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டன. அந்த வரிசையின் ரசிகர்கள் படுக்கையில் கண்ணை மூடிக் கிடப்பவர்கள். பட்டியல் தானாக ஓடும். பாட்டு மெதுவானதாக இருந்தால் எழுந்திருக்க மாட்டார்கள், நிறுத்தவும் மாட்டார்கள். தூங்குகிறவர் எந்தப் பாட்டையும் பாதியில் நிறுத்துவதில்லை. எங்கள் கணக்கு அதையெல்லாம் 'முழுதாகக் கேட்டார்' என்று குறித்துக்கொண்டு, அப்படிப்பட்டவர்களாகவே இன்னும் தேடித்தேடிக் கொடுத்திருக்கிறது.

இப்படி மாட்டிய பாட்டுகள் மூவாயிரத்துச் சொச்சம். பட்டியலைக் கீழே இறக்கிக்கொண்டே போனேன். என் கணவரின் பாட்டு இருநூற்றுப் பதினெட்டாவது வரியில் இருந்தது. கேட்ட நேரங்களைப் பார்த்தேன். எல்லாம் இரவு பதினொன்றிலிருந்து விடிகாலை நாலு வரை, எல்லாம் தூக்கப் பட்டியல் தானாக ஓடியதில் வந்தவை, ஒரு விரல்கூடத் தொட்டதில்லை. லாரி டிரைவரும் இல்லை, நர்ஸும் இல்லை. நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு பேரில் கண் விழித்துக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

எங்கள் டீம் தலைவருக்குப் 'பாதி டீ' என்று பெயர். எந்த டீயையும் முழுசாகக் குடித்து யாரும் பார்த்ததில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இருநூற்றுப் பதினெட்டாவது வரி யாருடையது என்பதையும் சேர்த்து. அவர் டீயைத் தள்ளி வைத்தார். திருத்தம் என்ன என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. மெஷின் இனித் தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் என்று மூன்று இடத்தில் கேட்க வேண்டும். ஆள் விழித்திருக்கிறார் என்பதற்கு அடையாளமாக, அவராகத் தேர்ந்தெடுத்தோ விரலால் தொட்டோ கேட்டதை மட்டும்தான் எண்ண வேண்டும். மாட்டிய பாட்டுகளின் பழைய கணக்கை அழித்து, இன்றுதான் ஏறியவை என்று வைத்து மறுபடி இருநூறு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

"ஒரு பாட்ட மட்டும் விட்டுட்டா ஒண்ணும் குடிமுழுகிடாது" என்றார் பாதி டீ, என் முகத்தைப் பார்க்காமல்.

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் ஆடிப்போனேன். அந்த விசில் காதுக்குள் கேட்டது. விட்டுவிட்டால் எண் ஏறிக்கொண்டே இருக்கும். அவர் சாகும்வரை நிம்மதியாக இருப்பார். ஆனால் அவர் கேட்டது எண் இல்லை. ஒரே ஒரு ஆள். இந்தத் தூங்குமூஞ்சிகள் நடுவில் பாட்டை விட்டுவைத்தால், அந்த ஒருவரிடம் அது போகவே போகாது. "வேண்டாம்" என்றேன். இதில் உன் கை பட வேண்டாம் என்று பாதி டீ பட்டியலை என் பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னார். செய்து முடிக்கும்வரை நான் கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொல்லிவிட்டேன். சுற்றிவளைக்க எனக்கு வராது. அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டு முடித்துவிட்டு முதலில் சிரித்தார்.

"அப்போ நாலாயிரம் பேரத் தூங்க வச்சிருக்கேன். பரவால்ல, புண்ணியம்தான்."

நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஒருத்தர்கூடவா கேக்கல?"

"கேக்கல."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வெங்காயம்தான் என்று வைத்துக்கொள்ளும் அளவுக்கு நான் நல்லவள். அப்புறம் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளிலிருந்து வீட்டில் விசில் இல்லை. பின்னறைக் கதவு பூட்டியே கிடந்தது. எரிச்சலாக இருந்த அந்தச் சத்தத்துக்கு நான் இவ்வளவு ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பாட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து புறப்பட்டது. சோதனையில் இருக்கும் பாட்டுகளின் பதிவைப் பார்ப்பது என் வேலை. மூவாயிரத்தில் ஒன்றை மட்டும் தினமும் காலையில் வந்தவுடன் பார்ப்பது வேலை இல்லை. பார்த்தேன். மெஷின் இந்த முறை அதைச் சரியான இடத்தில்தான் வைத்திருந்தது. குரலும் ஒற்றை வாத்தியமுமாக இருக்கும் மெதுவான பாட்டுகள் நடுவில். ஆனால் ஆட்கள் நான் சொன்னபடியே நடந்துகொண்டார்கள். முதல் வாரத்தில் ஐந்து பேர் தொட்டார்கள். ஐந்து பேரும் பதினைந்து வினாடிக்குள் மழையிலேயே எழுந்து போய்விட்டார்கள். நான்தான் அப்பவே சொன்னேனே என்று மனசுக்குள் அவரைத் திட்டினேன். ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை ஒருவர் முழுதாகக் கேட்டிருந்தார். நேரம் காலை எட்டு பத்து.

யார் என்று பார்த்தால், அன்றைக்குத்தான் சேர்ந்த ஆள். சேரும்போது உங்களுக்குப் பிடித்த மூன்று பாடகர்களைச் சொல்லுங்கள் என்று கேட்போம்; ஒன்றும் சொல்லாமல் தாண்டியிருந்தார். அப்படிப்பட்டவர்களுக்கு எங்களிடம் வேறு வழியில்லை, எல்லோருக்கும் பிடித்த பத்துப் பாட்டைத்தான் முதல் பக்கத்தில் வைப்போம். நூறில் ஐந்து பேருக்கு மட்டும் பத்தில் ஒன்றை எடுத்துவிட்டுப் புதுப்பாட்டு ஒன்று வைப்பது என் பிடிவாதத்தில் நடக்கும் ஒரு சோதனை. பாதி டீக்கு அது பிடிக்காது. முதல் பக்கம் பிடிக்காவிட்டால் புது ஆள் போயேபோய்விடுவார், அவர் தலையில் ஏன் பேர் தெரியாத பாட்டைக் கட்டுகிறாய் என்று ஒவ்வொரு மாதமும் சண்டை. அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இந்த ஆள் ஒன்பது புகழ்பெற்ற பாட்டுகளை விட்டுவிட்டுப் பத்தாவதைத் தொட்டிருக்கிறார். ஆளைப் பற்றியும் ஒன்றும் தெரியாது, பாட்டைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. இரண்டும் எப்படியோ சேர்ந்துவிட்டன.

மறுநாளும் எட்டு பத்து. அதற்கு மறுநாளும். வேறு பாட்டு எதையும் கேட்கவில்லை. இதை ஒருமுறை கேட்பார், மூடிவிடுவார். அவர் எண்ணை நாங்கள் பார்த்து என்ன பயன், அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இந்தப் பாட்டு மட்டும்தான்.

ஐந்தாம் நாள் வீட்டில் சொன்னேன். ஒருத்தர். முழிச்சிருந்து. தினமும். அவர் கையிலிருந்த துண்டை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். அடுத்த நாளிலிருந்து எட்டு பத்துக்கு அவர் பள்ளிக்கூடம் கிளம்ப ஷூ மாட்டும் நேரத்தில், ஒரு காலில் மாட்டிவிட்டு நாலு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் நான் உள்ளே நுழையும்போது ஒரே கேள்வி: "எட்டு பத்து வந்தாச்சா?" வந்தாச்சு என்பேன். மூன்றாம் நாளே விசில் திரும்பியது.

கெடு முடிந்தது. ஒருவர் போதாது, எங்கள் விதிப்படி பாட்டு அடிக்குப் போய்விட்டது. இனிப் புது ஆள் யாரிடமும் அது போகாது. அவரிடம் சொன்னபோது, அதான் ஒருத்தர் இருக்காங்களே என்றார். அவ்வளவு நிறைவாகச் சொன்னார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த எட்டு பத்துமேல் எனக்குப் பொறாமை என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இந்த மனிதரின் குறட்டை தெரியும், கோபம் தெரியும், எந்த வரியில் மூச்சு வாங்குவார் என்று தெரியும். இவ்வளவும் தெரிந்த பிறகு அவர் பாட்டை முதல் தடவையாகக் கேட்பது எப்படி? எட்டு பத்துக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்காது. அந்த இடத்தில் ஒரு நாள் இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது.

அப்போதுதான் பதிவில் ஒன்றைக் கவனித்தேன். எட்டு பத்து ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் பத்து வினாடி பின்னால் போகிறார். முப்பத்தைந்தாவது வினாடியில் தொட்டு, இருபத்தைந்துக்குப் போய், மறுபடி கேட்கிறார். பாட்டே தொடங்காத இடம். அங்கே மழையைத் தவிர ஒன்றும் கிடையாது. ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அவருடைய போன் தடுமாறுகிறதோ என்னவோ.

மறுநாள் ஆபீஸுக்குச் சீக்கிரம் போனேன். புதுக் கணக்கு ஒன்று திறந்தேன். பிடித்த மூன்று பாடகர்களைச் சொல்லச் சொன்னது, சொல்லாமல் தாண்டினேன். பாட்டின் பேரைத் தேடி எடுத்தேன். ஹெட்போனை மாட்டி, எட்டு பத்துக்குத் தட்டினேன். மழையைத் தள்ளவில்லை.

தகரத்தில் மழை. பத்து வினாடி, இருபது. பழைய டேப்பின் இரைச்சல். முப்பது, எங்கள் மெஷின் இத்தனை நாள் காதை மூடிக்கொண்ட இடம். முப்பத்திரண்டாவது வினாடியில், மழைக்கு அந்தப் பக்கம், ரொம்பத் தூரத்தில் ஒரு பெண்குரல்.

"நனையறீங்களே... உள்ள வாங்க."

கை தானாகப் பத்து வினாடி பின்னால் போனது. மறுபடி கேட்டேன். கல்யாணமாகிப் பத்து நாளோ இருபது நாளோ ஆன பெண். அவரை எப்படிக் கூப்பிடுவது என்றே இன்னும் தெரியாதவள். அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், ஏன் மழையில் டேப் ரெக்கார்டரோடு நிற்கிறார், ஒன்றும் தெரியாது. திட்டலாமா கூடாதா என்று யோசித்து யோசித்துக் கூப்பிடுகிறாள். அந்தக் குரலில் அவ்வளவு பயம், அவ்வளவு ஆசை. அது நான்.

அதற்குப் பிறகு அவர் பாடத் தொடங்கினார். முழுதாகக் கேட்டேன். பக்கத்து மேஜைக்காரர் வந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. இந்த மழையைத்தான் வெட்டச் சொன்னேன். பதினைந்து வினாடிக்குள் எழுந்து போனவர்களை எண்ணிக்கொண்டிருந்தேனே, அவர்களுக்கு முன்னாலேயே எழுந்து போனவள் நான்தான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் ஜன்னலோரம் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எட்டு பத்து வந்தாச்சா?"

"வந்தாச்சு. இன்னிக்கு ரெண்டு பேரு."

பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார், ரொம்ப நேரம்.

"மழையையும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க" என்றேன்.